41 சதவீதத் தள்ளுபடியா, காந்திபுரத்துக் கடையா?

"போன மாதம் இது என்ன விலைக்குப் போனது?" என்று கேட்டார் என் அண்ணன். பெருந்துறைப் பக்கம் மஞ்சள் பயிரிடுகிறவர். ஈரோட்டு ஏலத்தின் முந்தைய வாரங்களின் விலையைப் பார்க்காமல் ஒரு மூட்டையைக்கூட வண்டியில் ஏற்ற மாட்டார். அவருடைய மகன் 2025 தீபாவளிக்கு விளையாட்டுக் கணினி ஒன்று சேர்க்க விரும்பினான். அதற்கான RTX 5060 கிராபிக்ஸ் கார்டை இணையத் திருவிழா விற்பனையில் வாங்குவதா, கோவை காந்திபுரத்தில் வாங்குவதா என்று இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தோம்.

இணையத்தில் 52,000 ரூபாயைக் கோடிட்டு அடித்து, 30,499 என்று போட்டிருந்தார்கள். 41 சதவீதத் தள்ளுபடி. காந்திபுரத்துக் கடைக்காரர் வரி உட்பட 30,800 என்றார். தள்ளுபடி என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை.

அந்த 52,000 எங்கிருந்து வந்தது? அது அட்டைப்பெட்டியில் அச்சிடும் அதிகபட்ச சில்லறை விலை. அதற்கு மேல் விற்கக் கூடாது என்பதுதான் சட்டம். அந்த எண் சந்தை விலைக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும் என்று எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. தயாரிப்பாளரோ இறக்குமதியாளரோ எவ்வளவு உயர்த்தி அச்சிடுகிறாரோ, அவ்வளவு பெரிய சதவீதம் திரையில் தெரியும். அந்தத் தொகைக்கு யாராவது ஒருவர் இந்தக் கார்டை வாங்கியிருப்பாரா என்பதுதான் கேள்வி.

விடை விலை வரலாற்றில் இருக்கிறது. அமேசான் பொருள்களுக்கு Keepa என்ற தளம் பழைய விலைகளை வரைபடம் போட்டுக் காட்டுகிறது. மற்றத் தளங்களுக்கும் இதுபோன்ற சேவைகள் உண்டு. மூன்று மாதக் கோட்டைப் பார்த்தோம். ஜூலையிலும் ஆகஸ்டிலும் 30,000-ஐ ஒட்டியே ஓடியிருந்தது. செப்டம்பர் முதல் வாரத்தில் 33,800-க்கு ஏறி, விற்பனை தொடங்கிய அன்று 30,499-க்கு இறங்கியிருந்தது. ஏற்றிவிட்டு இறக்கியிருக்கிறார்கள். அண்ணன் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "வரத்துக் குறையாமலே விலை ஏறியிருக்கிறது" என்றார். உண்மையான சலுகை என்று இருந்தது வங்கி அட்டைக்கான 1,500 ரூபாய் மட்டும்தான். அதைக் கழித்தால் 28,999. கடை விலைக்கும் இதற்கும் 1,801 ரூபாய் வித்தியாசம். 41 சதவீதம் ஆறு சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது.

ஆனாலும் 1,801 ரூபாய் சிறு தொகை அல்ல. விலையை மட்டும் பார்த்தால் இணையமே வென்றது. முடிவை மாற்றியது திரும்ப அனுப்பும் கெடு.

பொருள் பக்கத்தில் விலைக்குக் கீழே சிறிய எழுத்தில் "7 நாள், மாற்றுப் பொருள் மட்டும்" என்று இருந்தது. இதில் இரண்டு செய்திகள் அடங்கியிருக்கின்றன. பழுது உறுதியானால் வேறொரு கார்டு வரும். பிடிக்கவில்லை என்று சொல்லிப் பணத்தைத் திரும்பப் பெற முடியாது. அடுத்தது, நாள் எண்ணத் தொடங்குவது பெட்டி வீட்டுக்கு வந்த அன்று, நாம் பிரித்த அன்று அல்ல. செப்டம்பர் 27-இல் வந்து சேர்ந்தால் அக்டோபர் 4-இல் கெடு முடிந்துவிடும். அண்ணன் மகனின் கணினிக்கு மதர்போர்டும் பவர் சப்ளையும் தீபாவளி போனஸ் வந்த பிறகுதான். தீபாவளியோ அக்டோபர் 20. கார்டு செத்துப் பிறந்திருந்தாலும் அதைக் கண்டுபிடிக்க வழியில்லாமல் கெடு கடந்திருக்கும். அதன்பின் உத்தரவாதப்படி சேவை மையத்துக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டியதுதான். கையில் புதுக் கார்டு உடனே கிடைக்காது.

கணினி ஏற்கெனவே வீட்டில் ஓடிக்கொண்டிருப்பவருக்கு என் கருத்து வேறு. அவர் தாராளமாக இணையத்தில் வாங்கலாம். பெட்டியைப் பிரிப்பதை இடைவெட்டு இல்லாமல் படம் பிடித்து, கார்டின் வரிசை எண்ணும் பெட்டியின் எண்ணும் ஒன்றா என்று பார்த்து, அன்றே பொருத்தி ஓட்டிப் பார்த்துவிட வேண்டும்.

கடையிலும் ஒரு சிக்கல் உண்டு. பல பில்களில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சிட்டிருக்கும். ஆகவே பணம் கொடுக்கும் முன்பே பேசிவிட்டோம். பழுதென்றால் 7 நாளுக்குள் மாற்றித் தருவதாக வரிசை எண்ணோடு பில்லிலேயே எழுதித் தரச் சம்மதித்தார்.

அக்டோபர் 18, சனிக்கிழமை. மற்றப் பாகங்கள் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தன. கடைக்காரர் தம் கணினியில் கார்டைச் செருகி, கார்டின் விவரங்களைச் சொல்லும் GPU-Z மென்பொருளில் பெயரையும் 8 ஜிபி நினைவகத்தையும் காட்டினார். பிறகு கார்டுக்கு முழுச் சுமை கொடுத்துச் சோதிக்கும் FurMark-ஐ அரை மணி நேரம் ஓடவிட்டார். திரையில் தீற்றலோ புள்ளியோ விழவில்லை, வெப்பம் ஒரு கட்டத்தில் ஏறி அங்கேயே நின்றது. 30,800 ரூபாயை அண்ணன்தான் எண்ணிக் கொடுத்தார்.