ஃபோர்காஸ்ட்டைக் காட்டி விலையைக் குறைக்கிறார்கள்: மீன் பெட்டி தயாரிப்பவர்கள் கவனத்துக்கு

மண்டபம், தொண்டி பக்கம் மீன் கம்பெனிகளுக்குத் தெர்மோகோல் பெட்டி, ஐஸ், பிளாஸ்டிக் பை சப்ளை செய்பவர்கள் இதைப் படித்துவிட்டு அடுத்த விலைப் பேச்சுக்கு உட்காருங்கள். நான் பெட்டி கொடுக்கும் கம்பெனியின் பெயரை இங்கே எழுதவில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். எங்கள் யூனிட்டில் பாய்லர் அணைந்து கிடக்கும், கையில் காசும் இருக்காது. சரியாக அந்த நேரம் பார்த்து, மே மாதத்தில், கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜரிடமிருந்து ஃபோர்காஸ்ட் என்று ஒரு மெயில் வந்தது. ஜூலை முதல் செப்டம்பர் வரை 24,000 பெட்டிகள் தேவைப்படும், அதற்கேற்பப் பொருளும் ஆளும் தயார் செய்துகொள்ளவும் என்று. முந்தைய வருடம் அதே மூன்று மாதத்தில் அவர்கள் எடுத்தது 12,000.

எனக்குச் சந்தேகம்தான். அவர்கள் வாங்குவது விசைப்படகு இறாலும் கணவாயும். பாக் நீரிணையில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும். 13 வாரத்துக்கு 39 நாள் என்றால், நாளுக்கு 615 பெட்டி. பெட்டிக்கு 20 கிலோ சரக்கு என்று பார்த்தால் பன்னிரண்டு டன்னுக்கு மேல் போகிறது. அவர்கள் ஷெட்டில் அதில் பாதி இறங்கியே நான் பார்த்ததில்லை. போனில் கேட்டேன். "அண்ணே, புது ஃப்ரீசர் வருது. எல்லாம் பேசி முடிச்சாச்சு, நீங்க ரெடியா இருங்க" என்றார். அப்புறம், "அளவு இரட்டிப்பாகுதே, விலையைக் கொஞ்சம் பாருங்கண்ணே" என்றார். 68 ரூபாய் பெட்டி 62 ரூபாய்க்கு இறங்கியது அங்கேதான்.

பெட்டிக்கு அரைக் கிலோ மூலப்பொருள் வேண்டும். கூடுதல் அளவில் ஒரு பகுதிக்கு 25 கிலோ மூட்டையில் 160 மூட்டை, அதாவது நான்கு டன் இறக்கினேன். கம்பெனி பெயர் பதிந்த மூடி வேண்டும் என்றதால் மோல்டுக்குப் பெயர்த்தகடு செய்தோம். ஜூன் கடைசியிலேயே மூடிகளை அடித்து அடுக்கத் தொடங்கினோம்.

ஜூலையில் வந்த பர்ச்சேஸ் ஆர்டர் 4,200 பெட்டிக்கு. ஆகஸ்ட் 4,000, செப்டம்பர் 3,800. மொத்தம் 12,000, போன வருடம் எடுத்த அதே அளவு. விலை மட்டும் 62. அந்த ஆறு ரூபாயில் மட்டும் 72,000 ரூபாய் போனது.

இன்னொரு யூனிட்டுக்கும் அதே எண்ணிக்கையில் மெயில் போயிருப்பது பிறகு தெரிந்தது. பெயர்த்தகடு செய்து கொடுத்தவர், "இதே பெயருக்கு இன்னொருத்தருக்கும் தகடு போட்டேனே அண்ணே" என்று பேச்சுவாக்கில் சொன்னார். தேவை ஒன்று, ஃபோர்காஸ்ட் இரண்டு பேருக்கு, இரண்டு பேரிடமும் விலைக்குறைப்பு. யார் தாமதித்தாலும் மற்றவரிடம் சரக்கு தயார்.

மூலப்பொருளை அப்படியே அடுத்த வருடத்துக்கு வைக்க முடியாதா என்று சிலர் கேட்டார்கள். முடியாது. தெர்மோகோல் மணிகளுக்குள் பென்டேன் வாயு இருக்கிறது. நீராவி பட்டதும் அதுதான் மணியை உப்ப வைக்கிறது. மூட்டையில் கிடக்கக் கிடக்க அது கசிந்து வெளியேறும், நம்மூர் வெயிலில் இன்னும் வேகமாக. பிறகு மணி சரியாக உப்பாது, பெட்டி கனமாகி ஒவ்வொன்றிலும் பொருள் கூடுதலாகப் போகும். கசியும் வாயு தீப்பிடிக்கக் கூடியது என்பதால் குடோனை மூடியும் வைக்க முடியாது. பெயர் பதிந்த மூடியை வேறு கம்பெனிக்காரர் தொடக்கூட மாட்டார்.

சிறுதொழில் சட்டத்தில் கேட்கலாமே என்றும் சொன்னார்கள். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 45 நாள் கெடு, வாங்கிக்கொண்ட சரக்குக்குப் பணம் தராதபோது உதவும். இவர்கள் வாங்கியதற்குப் பணத்தை ஒழுங்காகத்தான் கொடுத்தார்கள். வாங்காத சரக்குக்கு அதில் வழியில்லை. மெயிலின் அடியில் சின்ன எழுத்தில் 'இது உத்தேச மதிப்பீடு மட்டுமே, ஆர்டர் அல்ல' என்று ஒரு வரி வேறு.

இப்போது ஜனவரி முதல் மார்ச் வரைக்கு 20,000 என்று மறுபடி மெயில் வந்திருக்கிறது. பதிலில் மூன்று விஷயம் எழுதினேன். முதல் நான்கு வாரத்துக்கான அளவு உறுதி ஆர்டராக வர வேண்டும். அடுத்த நான்கு வாரத்துக்கு நான் வாங்கும் மணிக்கும் அடிக்கும் மூடிக்கும், எடுக்காவிட்டாலும் அடக்க விலையை அவர்கள் தர வேண்டும். அதற்கப்புறம் உள்ள எண்ணுக்கு நான் ஒரு மூட்டைகூட இறக்க மாட்டேன். விலை 68 ரூபாய்தான். மூன்று மாத முடிவில் எடுத்த அளவைப் பார்த்துத் தள்ளுபடியைத் திருப்பித் தருகிறேன், முன்கூட்டி இல்லை.

மேனேஜர் போன் செய்து, "என்னண்ணே, நம்பிக்கை இல்லையா?" என்றார். கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொன்னேன். மறுவாரம் வந்த உறுதி ஆர்டரில் இருந்தது 1,300 பெட்டி.