ஒலிப்புத்தகச் சந்தாவை நிறுத்துவதற்கு முன் கிரெடிட்டை எடுத்துவிடுங்கள்

மாதம் 199 ரூபாய், அதற்கு ஒரு கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு ஒரு ஒலிப்புத்தகம். இப்படி ஒரு சந்தாவில் இருந்தேன். வேலை நெருக்கடியில் கேட்க நேரமில்லாமல் 4 கிரெடிட் சேர்ந்துவிட்டது. சந்தாவை ரத்து செய்ததும் நான்கும் போய்விட்டன. 796 ரூபாய் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, ஒரு புத்தகமும் தராமல் கணக்கை முடித்துவிட்டார்கள். சாட்டில் கேட்டால், 'விதிமுறையில் இருக்கிறது, திருப்பித் தர முடியாது' என்ற ஒரே பதில். ரத்து செய்யும்போது 'போகாதீர்கள், பாதி விலைக்குத் தருகிறோம்' என்று பெரிய எழுத்தில் காட்டியவர்கள், கிரெடிட் அழியும் என்பதைக் கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். காசு கொடுத்தவரை இப்படியா நடத்துவது?

இந்த மாதிரித் திட்டங்களில் கிரெடிட் என்பது பணமல்ல, சந்தாவோடு ஒட்டிய சலுகை என்றுதான் எழுதி வைத்திருப்பார்கள். ஆனால் கிரெடிட் கொடுத்து வாங்கிய புத்தகம் பொதுவாகச் சந்தா முடிந்த பிறகும் உங்கள் கணக்கிலேயே இருக்கும். அதனால் முதலில் வாங்குங்கள், பிறகு நிறுத்துங்கள்.

வாங்கும்போது விலையைப் பாருங்கள். 150 ரூபாய்ப் புத்தகத்துக்குக் கிரெடிட்டைக் கொடுத்தால் நஷ்டம். அதைக் காசு கொடுத்தே வாங்கலாம். 700, 900 ரூபாய் போட்டிருக்கும் நீளமான நூல்கள், பல பாகங்களை ஒன்றாகச் சேர்த்த தொகுப்புகள் இவற்றுக்கும் பெரும்பாலும் ஒரே கிரெடிட்தான். மாதிரி ஒலியைக் கேட்டு, வாசிப்பவர் குரல் பிடித்திருந்தால் மட்டும் எடுங்கள். பிடிக்கவில்லை என்று பிறகு திருப்பிக் கொடுத்தால் கிரெடிட்டாகத்தான் திரும்பி வரும், சந்தா இல்லாதபோது அதனால் பயனில்லை. கடைசிப் பொத்தானை அழுத்தும் முன் '1 கிரெடிட்' என்று காட்டுகிறதா, கார்டில் பணம் எடுக்கப் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பலர் கவனிக்காத இடம் நூலகப் பக்கம். 'சந்தாவில் இலவசம்' என்று சேர்த்த புத்தகங்களும் நீங்கள் வாங்கியவையும் அங்கே கலந்தே கிடக்கும். சந்தா முடிந்தால் இலவசமாகச் சேர்த்தவை பூட்டிக்கொள்ளும், போனில் இறக்கி வைத்திருந்தாலும் சரி. அதில் ஏதாவது உங்களுக்கு வேண்டியது என்றால், மிச்சக் கிரெடிட்டை அதற்கே கொடுங்கள். எது உண்மையில் உங்களுடையது என்பதை ஆர்டர் பட்டியலில் பார்த்தால் தெரியும்.

ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது, பணம் போய்க்கொண்டேதான் இருக்கும். வங்கியில் ஆட்டோ டெபிட்டை மட்டும் நிறுத்துவதும் வேண்டாம். பணம் வராவிட்டால் கணக்கை முடக்கி, மிச்சக் கிரெடிட்டைப் பயன்படுத்த விடாமல் செய்துவிடலாம். அடுத்த தவணை எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பாவது வங்கியிலிருந்து முன்னறிவிப்பு வரும், ரிசர்வ் வங்கி விதி அது. அந்த எஸ்எம்எஸ் வந்த அன்றே உட்கார்ந்து கிரெடிட்டை எல்லாம் புத்தகமாக்கி, இருப்பு பூஜ்யம் என்று காட்டும் திரையைப் படம் எடுத்துக்கொண்டு, அதன்பிறகு ரத்து செய்யுங்கள். ரத்து உறுதியானதற்கு மெயில் வந்ததா என்றும் பாருங்கள்.