சிலம்பக் கம்பு இரண்டாகத் தெரிந்தது: 15 ஃபிரேம் வீடியோவை 30 ஆக்கிய அனுபவம்

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் மாமா சிலம்பம் சுற்றியதைப் பல ஆண்டுகளுக்கு முன் பழைய செல்போனில் எடுத்திருந்தோம். 640-க்கு 480 அளவு, நொடிக்கு 15 ஃபிரேம். மாமா இன்று இல்லை. "தத்தித் தத்திப் போகிறதே, சரிசெய்ய முடியுமா?" என்று அத்தை கேட்டார். சத்துவாச்சாரியில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிற நான், இரு ஃபிரேம்களுக்கு நடுவே புதிய படத்தை உருவாக்கிச் சேர்க்க நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தும் இந்த ffmpeg கட்டளையையே அதற்கும் கொடுத்தேன்:

```
ffmpeg -i in.mp4 -vf "fps=15,minterpolate=fps=30:mi_mode=mci:me_mode=bidir" out.mp4
```

முதலில் வரும் `fps=15` முக்கியம். அந்தக் கோப்பை யாரோ 30 ஃபிரேமாக மாற்றி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு படமும் இரண்டு முறை இருந்தது. இரட்டைகளை நீக்காவிட்டால், ஒரே மாதிரியான இரண்டு படங்களுக்கு நடுவே இல்லாத அசைவை மென்பொருள் தேடிக்கொண்டிருக்கும். தத்தல் அப்படியே இருக்கும்.

ஊர்வலமும் கூட்டமும் அழகாக வந்தன. கம்புதான் கெட்டது. ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தால், புதிதாக உருவான படத்தில் ஒரு கம்புக்குப் பதில் மங்கலாக இரண்டு கம்புகள். இரண்டின் வழியாகவும் பின்னால் நிற்பவரின் சட்டை தெரிந்தது. இதுதான் நிழலுருவம்.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. கம்பு நொடிக்கு இரண்டு சுற்று சுற்றினால், அடுத்தடுத்த இரு ஃபிரேம்களுக்கு இடையே 48 டிகிரி திரும்பிவிடும். திரையில் 200 பிக்சல் நீளமுள்ள கம்பின் நுனி சுமார் 80 பிக்சல் நகர்ந்திருக்கும். கட்டளையில் உள்ள `minterpolate` வடிகட்டியோ ஒவ்வொரு சிறு கட்டத்தையும் சுற்றி 32 பிக்சலுக்குள்தான் தேடும். அதற்குள் நுனி அகப்படாதபோது, பழைய இடத்தையும் புதிய இடத்தையும் கலந்து வைத்துவிடுகிறது.

அந்தத் தேடல் எல்லையைக் குறிக்கும் `search_param` மதிப்பை 96 ஆக்கிப் பார்த்தேன். வேலை பல மடங்கு மெதுவானது. சில இடங்களில் கம்பு ஒன்றானது. ஆனால் வேகமாகச் சுற்றும் இடங்களில் அதுவும் உதவவில்லை. கம்பின் இரு முனையும் ஒன்றுபோல் இருப்பதால், 90 டிகிரியைத் தாண்டித் திரும்பினால் எந்த முனை எங்கே போனது என்று படத்தை வைத்துச் சொல்ல வழியே இல்லை. ரைஃப் போன்ற இயந்திரக் கற்றல் மென்பொருள்கள் பெரிய நகர்வுகளை நன்றாகவே கையாளுகின்றன; இங்கே அதுவும் கம்பை நடுவில் துண்டாக்கியது.

60 ஃபிரேமுக்குப் போகவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 30-இல் பார்க்கும் நேரத்தில் பாதிதான் கற்பனைப் படம். 60-இல் முக்கால் பங்கு. நிழலுருவம் கண்ணில் நிற்க அதுவே போதும்.

கடைசியில் கம்பு வேகம் பிடிக்கும் 20 நொடிகளை மட்டும் `mi_mode=dup` கொடுத்து, பழைய படங்களையே இருமுறை காட்டும்படி தனியாக எடுத்து ஒட்டினேன். அத்தை அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, கம்பைப் பிடித்திருந்த மாமாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் தெளிவாக இருந்தன.