ஞாயிறு, திங்கள், செவ்வாய்: வாரத் தொடக்கத்தை மூன்று முறை மாற்றிய 4 வருட அனுபவம்

ஓட்டப் பயிற்சியையும் தூக்கத்தையும் 4 வருடமாகக் குறித்து வருகிறேன். இதற்குள் செயலியை ஒரு முறைதான் மாற்றியிருக்கிறேன், வாரம் எந்த நாளில் தொடங்குகிறது என்பதை மூன்று முறை. இரண்டில் எனக்கு அதிகம் உதவியது எது என்று கேட்டால் யோசிக்காமல் தொடக்க நாள் மாற்றத்தைத்தான் சொல்வேன்.

முதல் வருடம் நான் எதையும் தொடவில்லை. செயலி ஞாயிற்றுக்கிழமையில் வாரத்தைத் தொடங்கியது, நானும் விட்டுவிட்டேன். அப்போது எனக்குச் சனி, ஞாயிறு விடுமுறை. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் 6 கிலோமீட்டர். விடுமுறையில் ஒரு நாள் நீண்ட ஓட்டம், 16 கிலோமீட்டர். அந்த 16 சனிக்கிழமையா ஞாயிற்றுக்கிழமையா என்பது அந்தந்த வாரத்துச் சோம்பலைப் பொறுத்தது. எப்படிப் பார்த்தாலும் வாரத்துக்கு 34 கிலோமீட்டர். ஆனால் ஒரு மாதத்தின் வாரச் சுருக்கத்தில் வந்த எண்கள் இவை: 18, 50, 34, 18.

நடந்தது இதுதான். முதல் வாரக் கடைசியில் சனிக்கிழமை ஓடாமல் ஞாயிற்றுக்கிழமை ஓடினேன். எனக்கு அது அதே விடுமுறையின் இரண்டாவது நாள். செயலிக்கோ அது அடுத்த வாரத்தின் முதல் நாள். அதனால் முதல் வாரத்தில் 18 மட்டும் நின்றது. அடுத்த விடுமுறையில் ஒழுங்காகச் சனிக்கிழமையே ஓடிவிட்டேன். ஆக இரண்டாவது வாரத்துக்குள் இரண்டு நீண்ட ஓட்டம் விழுந்து 50 ஆனது. செயலி 178% முன்னேற்றம் என்று பாராட்டியது. மூன்றாவது வாரம் சரியாக 34. நான்காவதில் மறுபடி ஞாயிற்றுக்குத் தள்ளிப்போட்டேன், 47% சரிவு என்று சிவப்பு அம்புக்குறி வந்தது. நான் ஓடியதில் எந்த மாற்றமும் இல்லை. மாறியதெல்லாம் நள்ளிரவுக் கோட்டுக்கு எந்தப் பக்கம் ஓடினேன் என்பது மட்டும்.

அந்தப் பாராட்டும் சிவப்பு அம்பும் சும்மா இருந்திருந்தால் பரவாயில்லை. வேறு மாதங்களில், 18 என்று பார்த்த வாரத்துக்குப் பிறகு குற்ற உணர்வோடு வெள்ளிக்கிழமையும் ஓடினேன். 50 என்று பார்த்த வாரத்துக்குப் பிறகு, 'போதும், உடம்பு தாங்காது' என்று ஒரு நாளை விட்டேன். இரண்டு முடிவுமே இல்லாத ஒன்றை நம்பி எடுத்தவை.

இப்படிப்பட்ட பொய் ஏற்றத்தாழ்வைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. குறைந்த வாரத்துக்குப் பக்கத்திலேயே கூடிய வாரம் நிற்கிறதா, இரண்டையும் கூட்டினால் வழக்கமான இரண்டு வாரத் தொகை வருகிறதா என்று பாருங்கள். 18-ம் 50-ம் சேர்ந்தால் 68, அது இரண்டு 34. உண்மையிலேயே ஒரு வாரம் ஓடாமல் விட்டிருந்தால் பக்கத்து வாரம் அதை இப்படி அச்சாக ஈடுகட்டாது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், பலரும் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். எல்லாம் கடிகாரம் போல அதே நாளில் நடந்தால், வாரத்தை எந்த நாளில் தொடங்கினாலும் கூட்டுத்தொகை ஒன்றுதான். எந்த 7 நாளை எடுத்தாலும் அதில் ஒரு சனி, ஒரு ஞாயிறு, ஒரு திங்கள் இருக்கத்தானே போகிறது. தொடக்க நாள் முக்கியமாவது, ஒரு வேலை முன்பின் நகரும்போதும், ஒரு வாரம் மற்ற வாரம் போல் இல்லாதபோதும் மட்டுமே. ஆகவே நான் தேடியது நல்ல நாளை அல்ல. என் வாழ்க்கையில் எந்த இரண்டு நாளுக்கு நடுவே வேலைகள் தாண்டிக் குதிப்பதில்லையோ, அந்த இடைவெளியை. சனி, ஞாயிறு விடுமுறைக்காரனுக்கு அது ஞாயிறு இரவு. ஓட்டம் சனியிலிருந்து ஞாயிற்றுக்கு நகரும், ஞாயிற்றிலிருந்து திங்களுக்கு நகராது. திங்களுக்கு மாற்றினேன். பழைய 4 வாரத்தையும் அந்த எல்லைப்படி நானே கூட்டிப் பார்த்தேன், 34, 34, 34, 34 என்று அமைதியாகிவிட்டன.

மாற்றிய அன்று ஒரு சிறு அதிர்ச்சி. 11 வாரம் தொடர்ந்து இலக்கை எட்டியதாகச் செயலி காட்டிக்கொண்டிருந்தது, மாற்றியதும் அந்தத் தொடர் 0 ஆகிவிட்டது. பழைய பதிவுகளையெல்லாம் புதிய எல்லைப்படி அது திருப்பிக் கணக்கிட்டிருக்க வேண்டும், செய்யவில்லை. மாறிய வாரத்தை ஒற்றை நாள் கொண்ட ஒரு துண்டு வாரமாக நடுவில் விட்டு, அதைத் தோல்வி என்று எண்ணிக்கொண்டது. பிறகு வேறு செயலிக்குப் போனபோது முதலில் சோதித்தது இதைத்தான்: தொடக்க நாளை மாற்றிவிட்டு, 3 மாதத்துக்கு முந்தைய வார எண்கள் மாறுகின்றனவா என்று பார்த்தேன். மாறினால் பழையதையும் கணக்கிடுகிறது என்று அர்த்தம். மாறாவிட்டால் மாற்றிய வாரத்தை ஒரு நாளோ 6 நாளோ 8 நாளோ கொண்டது என்று நாமே குறித்துவைத்து, ஒப்பீட்டிலிருந்து ஒதுக்கிவிட வேண்டும்.

இரண்டரை வருடம் திங்கள் நன்றாகவே ஓடியது. பிறகு பணி மாறி, விடுமுறை ஞாயிறும் திங்களும் ஆனது. மூன்றே வாரத்தில் அந்தப் பழைய மேடுபள்ளம் திரும்பி வந்துவிட்டது. இப்போது திங்கள் தொடக்கம் என் விடுமுறையை நடுவில் வெட்டுகிறது.

விடுமுறையை வெட்டாமல் இருக்க எனக்கு இரண்டு வழி இருந்தது. ஞாயிற்றில் தொடங்கினால் விடுமுறை வாரத்தின் தலையில் வரும். செவ்வாயில் தொடங்கினால் வாலில் வரும். ஓட்டக் கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான். செயலியில் சனி, ஞாயிறு, திங்கள் மூன்று மட்டுமே இருந்ததால் ஞாயிற்றை வைத்து 4 மாதம் ஓட்டினேன். தூக்கக் கணக்குதான் அது சரியில்லை என்று காட்டிக்கொடுத்தது.

என் வழக்கமான வாரத்தில் வேலை நாட்களில் 6 மணி நேரத் தூக்கம், விடுமுறை இரண்டு நாளும் எட்டரை. ஆக 30-ம் 17-ம் சேர்த்து 47 மணி. ஒரு வாரம் வேலை நெருக்கி, 5 நாளும் 5 மணி நேரம்தான் தூங்கினேன். அடுத்து வந்த விடுமுறையில் இரண்டு நாளும் ஒன்பதரை மணி நேரம் அடித்துப் போட்டாற்போலத் தூங்கினேன். ஞாயிறு தொடக்கத்தில் இது எப்படித் தெரிந்தது? நெருக்கடி வாரத்தில் அதற்கு முந்தைய விடுமுறையின் 17-ம் வேலை நாட்களின் 25-ம் சேர்ந்து 42, சராசரி 6 மணி. அடுத்த வாரத்தில் ஈடுகட்டித் தூங்கிய 19-ம் சாதாரண வேலை நாட்களின் 30-ம் சேர்ந்து 49, சராசரி 7 மணி. அந்தக் காலாண்டின் சிறந்த தூக்க வாரம் அதுதான் என்று சுருக்கம் வந்தது! கடனை அடைத்ததை வருமானம் என்று எழுதிய கணக்கு.

செவ்வாய் தொடக்கத்தில் அதே நாட்கள் 25-ம் 19-ம் சேர்ந்து 44 ஆகின்றன, அடுத்த வாரம் வழக்கமான 47. 3 மணி நேரம் குறைந்தது, ஈடுகட்டியும் முழுதாகத் திரும்பவில்லை. நடந்ததும் அதுதான். உழைப்பும் அதற்கான ஓய்வும் ஒரே வாரத்தில் விழ வேண்டும் என்றால் ஓய்வு கடைசியில் இருக்க வேண்டும். வார இலக்குக்கும் இது உதவுகிறது: சனி இரவு பார்த்தால் எவ்வளவு பாக்கி என்று தெரியும், அதை முடிக்க இரண்டு ஓய்வு நாள் கையில் இருக்கும்.

செயலி செவ்வாயைத் தராததால் பதிவுகளை ஏற்றுமதி செய்து விரிதாளில் போட்டுக்கொள்கிறேன். A2-இல் தேதி இருந்தால் அந்த வாரம் தொடங்கிய தேதியை இது தரும்:

```
=A2-MOD(A2-3,7)
```

எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலும் தேதி என்பது உள்ளுக்குள் ஓர் எண். அதை 7-ஆல் வகுத்தால் மீதி சனிக்கு 0, ஞாயிற்றுக்கு 1, திங்களுக்கு 2, செவ்வாய்க்கு 3 என்று வெள்ளிக்கு 6 வரை போகும். 3-க்குப் பதில் வேறு எண் போட்டால் வேறு தொடக்க நாள். தேதியோடு நேரம் ஒட்டியிருந்தாலும் சரியாகவே வரும். விடை வெறும் எண்ணாகத் தெரிந்தால் அந்தக் கட்டத்துக்குத் தேதி வடிவம் கொடுத்துவிடுங்கள். இந்த நெடுவரிசையை வைத்து SUMIF போட்டால் வாரத் தொகை தயார். வாரத்தை எண்ணால் குறிக்காமல் தொடக்கத் தேதியால் குறிக்கிறேன். வார எண்கள் வருடக் கடைசியில் குழப்பும்: ஐஎஸ்ஓ 8601 முறைப்படி 2024 டிசம்பர் 30 திங்கட்கிழமை, 2025-இன் முதல் வாரத்தில் சேர்கிறது.

எந்த நாள் என்று இன்னும் தெரியாதவர்கள் 12 வாரப் பதிவை எடுத்து, 0 முதல் 6 வரை 7 எண்ணையும் போட்டுப் பார்க்கலாம். வாரத்துக்கு வாரம் ஏற்ற இறக்கம் எதில் குறைவோ அதுவே முதல் தேர்வு. என் பதிவில் ஞாயிறும் செவ்வாயும் ஓட்டத்தில் ஏறக்குறைய சமமாக வந்தன, திங்கள் மட்டும் தனியாக ஆடியது. சமமாக வரும்போது எண் முடிவு சொல்லாது. ஓய்வு எங்கே விழ வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

சுழற்சி முறைப் பணியில் இருப்பவர்களுக்கு இது எதுவும் பொருந்தாது. 6 நாள் வேலை, 2 நாள் ஓய்வு என்று 8 நாளில் சுற்றுபவருக்கு எந்தக் கிழமையும் நிற்காது. அவர்கள் 8 நாள் சுற்றையே வாரமாக வைத்துக்கொள்வது மேல். அதே வாய்பாட்டில் 7-ஐ 8 ஆக்கி, கழிக்கும் எண்ணாக ஒரு சுற்று தொடங்கிய தேதியைக் கொடுத்தால் போதும். கடந்த 7 நாளின் உருளும் தொகையைப் பார்ப்பதும் ஒரு வழிதான். அதில் நிலையான எல்லை கிடையாது. ஆனால் அதுவும் முழுதாகத் தப்பாது: ஒரு வாரம் ஞாயிற்றுக்கிழமையும் அடுத்த வாரம் திங்கட்கிழமையும் ஓடினால் நடுவில் 8 நாள் இடைவெளி, இரண்டாவது ஞாயிறு அன்று மட்டும் தொகை 34-இலிருந்து 18-க்கு விழுந்து மறுநாளே எழுந்துவிடும். அந்த ஒரு நாள் பள்ளத்தைக் கண்டு பதறாதவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு.

கைப்பேசி நாட்காட்டி இன்னும் திங்களில்தான் தொடங்குகிறது. மற்றவர்களோடு சந்திப்புகளைப் பொருத்த அது வேண்டும், செவ்வாயில் தொடங்கும் கட்டத்தைப் பார்த்து ஒரு முறை தவறான நாளில் ஒரு கூட்டத்துக்கு ஒப்புக்கொண்டேன். அதனால் செவ்வாய் விரிதாளில் மட்டும். செயலி அனுப்பும் வார மின்னஞ்சலை நிறுத்திவிட்டேன்; திங்கள் இரவு பத்து நிமிடம் உட்கார்ந்து நானே பார்த்துக்கொள்கிறேன்.