சரக்குப் பட்டியலை விரித்துத் தருகிறோம் என்பவர்களிடம் கவனம்

பம்ப் உதிரி பாகங்கள் விற்கும் எங்கள் கடைக்குப் புதிய பில்லிங் மென்பொருள் வாங்கினோம். பழைய எக்செல் பட்டியலில் ஆயில் சீல்களை ஒவ்வொன்றாக எழுதியிருக்க மாட்டோம். `SL0997-1003` என்று ஒரே வரிதான் இருக்கும். 0997 முதல் 1003 வரை ஏழு அளவுகள், ஏழுக்கும் ஒரே விலை என்று அதற்குப் பொருள். புதிய மென்பொருளுக்கு ஒரு பொருளுக்கு ஒரு வரி வேண்டும். இதை விரித்துக் கொடுக்கும் வேலையை ஒரு டேட்டா என்ட்ரி நிறுவனத்திடம் ஒப்படைத்து, முழுப் பணத்தையும் கட்டினோம். வந்த கோப்பு பார்க்க அழகாக இருந்தது. கடையில் ஏற்றிய பிறகுதான் வண்டவாளம் தெரிந்தது.

முதல் கோளாறு கவுன்டரில் தெரிந்தது. பெட்டியில் `SL1000` என்று ஒட்டியிருக்கிறது, கணினியில் தேடினால் இல்லை. `SL0` என்பதை மாறாத முன்னொட்டாக வைத்துக்கொண்டு எண்ணை மட்டும் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். 0999 வரை சரி, அதற்கடுத்தது `SL01000` ஆகிவிட்டது. பையன்கள் அவசரத்தில் `SL1000` என்று புதுப் பொருளாகத் திறந்து பில் போட்டார்கள். ஒரே சீல் இரண்டு பெயரில் நின்றது.

இரண்டாவது இன்னும் மோசம், ஏனென்றால் அது கண்ணில் படவே இல்லை. எங்கள் பழைய பட்டியலில் `SL0118-25` என்றும் சில வரிகள் உண்டு. 0118 முதல் 0125 வரை, எட்டுப் பொருள்கள். வியாபாரத்தில் எல்லோரும் இப்படித்தான் சுருக்கி எழுதுகிறோம். அவர்களுடைய நிரலோ 118இலிருந்து 25 வரை எண்ணப் பார்த்திருக்கிறது. தொடக்கம் பெரிது, முடிவு சிறிது என்றால் எக்செல் மேக்ரோவின் For சுழற்சி ஒரு முறைகூட ஓடாது, பிழைச் செய்தியும் காட்டாது. எட்டுப் பொருள்களும் சத்தமில்லாமல் காணாமல் போயின.

மூன்றாவதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. `SL0997-1003` வரியில் இருப்பு 140 என்று இருந்தது. அது ஏழு அளவுக்கும் சேர்த்து. விலையை ஏழு வரியிலும் அப்படியே எழுதுவது சரி. அவர்கள் 140ஐயும் ஏழு வரியிலும் எழுதிவிட்டார்கள். 140 சீல், ஏட்டில் 980 ஆனது. கேஷ் கிரெடிட் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், மாதாமாதம் வங்கிக்குச் சரக்கு மதிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாத சரக்கைக் காட்டி ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர், அந்த நிறுவனம் அல்ல.

கேட்டதற்கு, "நீங்கள் கொடுத்ததைத்தான் சார் விரித்தோம்" என்றார்கள். திருத்தித் தரத் தனிக் கட்டணமாம். ஒரு வரியைப் பற்றியாவது எங்களிடம் சந்தேகம் கேட்டிருந்தால் நான் இவ்வளவு கோபப்பட மாட்டேன்.

யாரிடம் கொடுத்தாலும், கொடுப்பதற்கு முன்னால் இந்த இரண்டு சூத்திரங்களைப் போட்டு வையுங்கள். A பத்தியில் முதல் குறியீட்டை முழுதாக எழுதுங்கள் (`SL0118`). B பத்தியை டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றிவிட்டு, கோட்டுக்குப் பிறகு உள்ளதை எழுதுங்கள் (`25`). டெக்ஸ்ட் ஆக்காவிட்டால் 05 என்பது 5 ஆகிவிடும். C2, D2 கட்டங்களில்:

```
=LEFT(A2,LEN(A2)-LEN(B2))&B2
=RIGHT(C2,4)-RIGHT(A2,4)+1
```

முதலாவது கடைசிக் குறியீட்டை முழுமையாக்கி `SL0125` என்று தரும். இரண்டாவது அந்த வரியில் எத்தனை பொருள் என்று சொல்லும், இங்கே 8. எங்கள் குறியீட்டில் நான்கு இலக்கம் என்பதால் 4, உங்களுடையதற்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். D பத்தியின் கூட்டுத்தொகைதான் விரித்த கோப்பில் இருக்க வேண்டிய வரிகளின் எண்ணிக்கை. ஒன்று குறைந்தாலும் வாங்காதீர்கள். மைனஸ் எண் வந்தால் (`SL0198-05` போன்றவை) அது 0205ஆ, எழுத்துப் பிழையா என்று சப்ளையரிடம் கேட்டுத்தான் தீர்க்க முடியும். வரிசையின் நடுவே தயாரிப்பு நின்றுபோன எண்களையும் அவரே சொல்ல வேண்டும்.

விரிக்கும் வேலையை எக்செல் 2021இல் நாமே செய்துகொள்ளலாம்:

```
="SL"&TEXT(SEQUENCE(7,1,997),"0000")
```

இது 0997 முதல் 1003 வரை ஏழு வரிகளை, பூஜ்யம் கெடாமல் இறக்கிவிடும். இருப்புக்கு மட்டும் சூத்திரம் கிடையாது. 140இல் எந்த அளவு எத்தனை என்பது பெட்டியைத் திறந்தால்தான் தெரியும். விரித்த வரிகளில் இருப்பைப் பூஜ்யமாக ஏற்றச் சொல்லுங்கள், எண்ணிய பிறகு நிரப்புங்கள். நாங்கள் இப்போது ஞாயிறுதோறும் கடையை அடைத்துவிட்டு ஆயில் சீல் ராக்கை எண்ணிக்கொண்டிருக்கிறோம், அடுத்தது பேரிங்.