கலர் ஒட்டியா, சுருக்கக் குறிப்பா, அகரவரிசை இண்டெக்ஸா? புத்தகம் பார்த்து எழுதும் தேர்வுக்கு எது கைகொடுக்கும்

புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதலாம் என்று சொல்லும் தேர்வுகளில் பலர் நேரம் போதாமல்தான் திணறுகிறார்கள். பதில் கையிலிருக்கும் புத்தகத்தில்தான் இருக்கிறது, ஆனால் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அதனால் இந்த மூன்று முறைகளையும் ஒரே அளவுகோலால்தான் பார்க்கப் போகிறேன்: கேள்வியைப் படித்து முடித்ததிலிருந்து சரியான பக்கத்தில் விரல் வைக்கும்வரை எத்தனை விநாடி ஆகிறது?

உதாரணத்துக்கு ஜிஐஏசி நடத்தும் கணினிப் பாதுகாப்புத் தேர்வுகளை எடுத்துக்கொள்கிறேன், இந்த விஷயத்தில் இவை நல்ல சோதனைக்களம். அச்சிட்ட புத்தகங்களும் குறிப்புகளும் கொண்டு போகலாம், மின்னணுக் கருவி எதுவும் கூடாது. ஆக, தேடுவது முழுக்கக் கையால்தான். இவற்றில் ஜிஎஸ்இசி தேர்வில் 4 மணி நேரத்தில் 106 கேள்விகள், அதாவது ஒரு கேள்விக்குச் சுமார் இரண்டே கால் நிமிடம். படித்து, யோசித்து, விடையைத் தேர்ந்தெடுக்க ஒரு கேள்விக்கு 75 விநாடி என்று வைத்தாலே 2 மணி 12 நிமிடம் போய்விடும். மிச்சம் 108 நிமிடம். 50 கேள்விகளுக்குப் புத்தகத்தைப் புரட்டுகிறீர்கள், ஒவ்வொன்றுக்கும் 2 நிமிடம் ஆகிறது என்றால் 100 நிமிடம், இழுத்துப் பிடித்தால் சமாளிக்கலாம். அதுவே 3 நிமிடமானால் 150 நிமிடம், கடைசிப் பத்துப் பதினைந்து கேள்விகளைக் கண்ணை மூடிக்கொண்டு குத்த வேண்டியதுதான். அந்த ஒரு நிமிட வித்தியாசத்துக்காகத்தான் இத்தனை பேச்சும்.

மூன்று முறைகளுக்கும் ஒரே கேள்வியைக் கொடுத்துப் பார்ப்போம். நெட்வொர்க் பதிவு ஒன்றைக் காட்டுகிறார்கள்: ஒரு கணினி இணைப்பு கேட்டு SYN அனுப்புகிறது, எதிர்ப்பக்கம் சம்மதித்து SYN/ACK தருகிறது, முதல் கணினி இணைப்பை உறுதிசெய்யும் ACK அனுப்பாமல் நேராக இணைப்பை முறிக்கும் RST அனுப்பிவிடுகிறது. கணினியின் எந்தெந்தப் போர்ட், அதாவது இணைப்பு வழி, திறந்திருக்கிறது என்று ஸ்கேன் செய்து பார்க்கும் nmap கருவியின் எந்தக் கட்டளைத் தெரிவால் இது நடந்தது? விடைகளில் -sS, -sT, -sU, -sA என்று நான்கு இருக்கின்றன. கேள்வியில் எங்குமே இந்த ஸ்கேனின் பெயர் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

முதலில் கலர் ஒட்டிகள். புத்தக ஓரத்தில் சின்னச் சின்ன வண்ணத் தாள்களை ஒட்டி, ஒவ்வொன்றிலும் தலைப்பு எழுதுவது. ஒரு மாலையில் வேலை முடிந்துவிடும், இதன் பெரிய பலம் அதுதான். நம் கேள்விக்கு இரண்டாம் புத்தகத்தில் ‘போர்ட் ஸ்கேன்’ என்ற ஒட்டியைப் பிடித்துத் திறந்துவிடலாம், அதற்குப் பத்து விநாடி போதும். ஆனால் அங்கிருந்து முப்பது பக்கம் ஓடுகிறதே! நீங்கள் தேடும் RST அதில் எந்த மூலையில் இருக்கிறதோ தெரியாது, பக்கம் பக்கமாக மேய வேண்டும். சரி, ஒட்டிகளைக் கூட்டலாமே என்று தோன்றும். ஒரு புத்தகத்தில் இருபதைத் தாண்டும்போதே ஒன்றையொன்று மறைக்க ஆரம்பித்துவிடும், அப்புறம் எந்த வண்ணம் எதற்கு என்று நினைவுபடுத்திப் பார்ப்பதே ஒரு தேடல் ஆகிவிடும். மொத்தம் ஒரே புத்தகம், அதிலும் அத்தியாயங்கள் சிறியவை என்றால் ஒட்டிகளே போதும், வேறெதையும் செய்ய வேண்டாம். ஐந்தாறு புத்தகம் என்றால் இதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

அடுத்தது சுருக்கக் குறிப்பு. எல்லாப் புத்தகத்தையும் படித்து, முக்கியமானதை எல்லாம் நாற்பது ஐம்பது பக்கத்தில் சொந்தமாக எழுதிக்கொண்டு போவது. எழுதும்போது மனதில் நன்றாகப் பதிகிறது, அதை மறுக்க மாட்டேன். சிக்கல் என்னவென்றால், எதை வெட்டினீர்களோ அதிலிருந்து கேள்வி வரும். நம் கேள்வியையே பாருங்கள். ‘-sS: SYN ஸ்கேன், -sT: முழு இணைப்பு ஸ்கேன்’ என்று ஒரு வரி எழுதி வைத்திருப்பீர்கள். -sT-யிலும் இணைப்பு முடிந்த பிறகு RST வரக்கூடும், நடுவில் ACK போனதா இல்லையா என்பதுதான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. அந்த நுணுக்கம் சுருக்கத்தில் இருக்காது, மூலப் புத்தகத்துக்குத்தான் போக வேண்டும், அங்கே போக உங்கள் குறிப்பில் பக்க எண் இருக்காது. சுருக்கக் குறிப்பில் உண்மையிலேயே வேலை செய்யும் பகுதி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அட்டவணைகள்தான். எந்த ஸ்கேன் என்ன அனுப்பும், போர்ட் திறந்திருந்தால் என்ன வரும், மூடியிருந்தால் என்ன வரும் என்று ஒரே தாளில் இருந்தால் பொன்னானது. அப்படி நான்கைந்து தாள் போதும், ஐம்பது பக்கம் வேண்டாம்.

மூன்றாவது, அகரவரிசை இண்டெக்ஸ். எக்ஸெல் மாதிரி ஒரு விரிதாளில் நான்கு பத்தி: சொல், புத்தக எண், பக்க எண், ஒரு வரி விளக்கம். வரிசைப்படுத்தி அச்சடித்து, ஒவ்வொரு எழுத்து தொடங்கும் இடத்திலும் ஓர் ஒட்டி. பெரிய புத்தகக் கட்டுக்கு என் ஓட்டு இதற்குத்தான், தயங்காமல் சொல்கிறேன். ஆனால் இண்டெக்ஸ் போட்டவர்கள் எல்லோருக்கும் இது வேலை செய்வதில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. பெரும்பாலோர் புத்தகத்தின் தலைப்புகளை அப்படியே இறக்கி வைக்கிறார்கள். அது பொருளடக்கத்தை அகரவரிசையில் அடுக்கியது, அவ்வளவுதான். கேள்வி கேட்பவர் தலைப்பைச் சொல்லிக் கேட்க மாட்டார், அறிகுறியைச் சொல்லிக் கேட்பார். எனவே ஒரே பக்கத்துக்குப் பல வாசல் வைக்க வேண்டும். நம் கேள்விக்கான பக்கம் இரண்டாம் புத்தகத்தில் 87 என்று வைத்துக்கொண்டால், வரிகள் இப்படி இருக்கும்:

```
half-open scan       | 2 | 87 | SYN scan, -sS
RST after SYN/ACK    | 2 | 87 | no ACK = -sS
-sS                  | 2 | 87 | SYN scan, root
RST after SYN/ACK    | 2 | 87 | no ACK = -sS
SYN scan             | 2 | 87 | SYN, SYN/ACK, RST
SYN scan vs connect  | 2 | 89 | ACK?
```

இப்போது கேள்வியில் கண்ணில் படும் RST என்ற சொல்லோடு நேராக R எழுத்துக்குப் போகலாம், S-ல் SYN என்று தேடினாலும் கிடைக்கும், விடையில் இருக்கும் -sS-ஐப் பிடித்துக்கொண்டு போனாலும் கிடைக்கும். எந்தப் பக்கமிருந்து வந்தாலும் 87-ல் வந்து நிற்பீர்கள், அரை நிமிடம்கூட ஆகாது. பல சமயம் கடைசிப் பத்தியில் இருக்கும் அந்த ஒரு வரியே பதில் சொல்லிவிடும், புத்தகத்தைத் திறக்கவே தேவையிருக்காது. அதற்காக அங்கே நீள நீளமாக எழுதிவிடாதீர்கள். விளக்கம் இரண்டாவது வரிக்கு மடிந்தால் இண்டெக்ஸ் இரு மடங்கு தடிக்கும், அகரவரிசையில் கண்ணை ஓட்டும் வேகம் போய்விடும், கடைசியில் அதுவும் இன்னொரு சுருக்கக் குறிப்பு ஆகிவிடும்.

விரிதாளில் சிக்கவைக்கும் இடங்கள் சில உண்டு, முதலிலேயே தெரிந்துகொண்டால் தலைவலி இல்லை. -sS என்று அப்படியே தட்டினால் எக்ஸெல் அதைச் சூத்திரம் என்று நினைத்து #NAME? என்று காட்டும், முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள் குறி போட்டு '-sS என்று அடிக்க வேண்டும். புத்தகத்தையும் பக்கத்தையும் ஒரே கட்டத்தில் 2-87 என்று போட்டால் அதைத் தேதியாக்கி Feb-87 என்று மாற்றிவிடக்கூடும், அதனால்தான் இரண்டையும் தனித்தனிப் பத்தியில் வைக்கச் சொன்னேன். இன்னொன்று, எக்ஸெல் வரிசைப்படுத்தும்போது சிறுகோட்டைக் கணக்கில் எடுக்காது. -sS என்பது S-களுக்கு நடுவில் போய் உட்காரும், பட்டியலின் உச்சியில் தேடினால் காணக் கிடைக்காது. தெரிவுகள் எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும் என்றால் எல்லாவற்றுக்கும் முன்னால் nmap என்று சேர்த்துவிடுங்கள். போர்ட் எண்களுக்கும் இதே கதை: 445 என்று வெறும் எண்ணாக அடித்தால் உச்சிக்குப் போகும், port 445 என்று அடித்தால் P-க்குப் போகும். இரண்டு விதமாகவும் போட்டு வைப்பதில் நஷ்டமில்லை.

இண்டெக்ஸின் உண்மையான விலை நேரம். படிக்கிற நேரம் போகத் தட்டச்சுக்கே பல மாலைகள் போகும். அதனால் அடுத்தவர் போட்டதை வாங்கிக்கொள்ளலாமே என்று ஆசை வரும். வேண்டாம். பதிப்பு மாறியிருந்தால் பக்க எண்கள் தப்பும், அதைத் தேர்வறையில் உட்கார்ந்துதான் கண்டுபிடிப்பீர்கள். பதிப்பு ஒன்றே என்றாலும் அவர் மனதில் வந்த சொல்தான் அதில் இருக்கும், உங்களுக்கு வரும் சொல் இருக்காது. முதல் வாசிப்பில் கோடிட்டுப் போங்கள், இரண்டாம் வாசிப்பில் தட்டுங்கள். முதல் வாசிப்பிலேயே தட்ட ஆரம்பித்தால் எது முக்கியம் என்று புரியாமல் எல்லாமே உள்ளே வந்துவிடும்.

போட்ட இண்டெக்ஸ் தேறுமா என்பதைப் பயிற்சித் தேர்வுதான் சொல்லும். கணினியில் தேடாமல், அச்சிட்ட தாளையும் புத்தகங்களையும் மட்டும் மேசையில் வைத்துக்கொண்டு நேரம் பார்த்து எழுதுங்கள். ஒரு நிமிடத்துக்குள் சிக்காத ஒவ்வொரு முறையும், நீங்கள் எந்தச் சொல்லைத் தேடினீர்களோ அந்தச் சொல்லை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். தேர்வு முடிந்ததும் அந்தச் சொற்களை அப்படியே புதிய வரிகளாகச் சேர்க்க வேண்டும். புத்தகத்தின் சொல்லுக்கு மாற்றாதீர்கள், பதற்றத்தில் உங்களுக்கு மறுபடியும் வரப்போவது அதே சொல்தான். இண்டெக்ஸில் சரியாகப் போய்ப் பக்கத்தைத் திறந்தும் பதில் புரியவில்லை என்றால் அது வேறு நோய். அதற்கு இன்னொரு வரி சேர்த்துப் பயனில்லை, அந்தப் பாடத்தைத்தான் திரும்பப் படிக்க வேண்டும்.

பிடிஎஃப் கோப்புகளையும் Ctrl+F-ஐயும் அனுமதிக்கும் தேர்வு என்றால் கணக்கு மாறும், ஆனால் நினைப்பது அளவுக்கு இல்லை. RST என்று தேடினால் நூறு இடத்தில் நிற்கும், அறிகுறியைத் தேடினால் ஓர் இடத்திலும் நிற்காது. அங்கேயும் ஒரு சின்ன இண்டெக்ஸ் வேண்டும், பக்க எண்ணை அடித்து நேராகத் தாவுவதற்கு. ஸ்கேன் செய்த கோப்பு என்றால் அதில் எழுத்து தேடக் கிடைக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள், வெறும் படமாக இருந்தால் எதைத் தேடினாலும் வராது.

கட்டுரை வடிவில் விடை எழுதும் தேர்வு என்றால் என் வரிசை தலைகீழாகும். அங்கே சில கேள்விகள்தான் வரும், ஒவ்வொன்றுக்கும் வாதத்தைக் கட்ட வேண்டும், ஆயிரம் வரி இண்டெக்ஸ் அதற்கு உதவாது. எந்தப் பிரச்சினை வந்தால் எந்தெந்தக் கேள்விகளை என்ன வரிசையில் எழுப்ப வேண்டும் என்று இரண்டு பக்கச் சட்டகம், அதன் ஒவ்வொரு வரிக்கும் எதிரே பக்க எண், புத்தகத்தில் பத்துப் பன்னிரண்டு ஒட்டி. கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளுக்கு மட்டுமே இண்டெக்ஸில் முழு உழைப்பையும் போடுங்கள், கூடவே நான்கைந்து அட்டவணைத் தாள்கள், ஒட்டிகளை இண்டெக்ஸின் எழுத்துகளுக்கும் புத்தக அட்டையின் எண்ணுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.