மூடிய அலமாரியா, திறந்த தட்டா: பிஎஸ்5 சூட்டில் அணைந்துவிடுமா?

பிஎஸ்5 இயங்குவதற்கு சோனி குறிப்பிடும் அறை வெப்பநிலை 5 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை. கனமான விளையாட்டுகளில் அது ஏறக்குறைய 200 வாட் மின்சாரம் எடுக்கிறது. அத்தனையும் வெப்பமாகப் பின்புறம் வெளியேறுகிறது.

மூடிய அலமாரி: அறை 32 டிகிரி என்றால் கைவசம் இருப்பது 3 டிகிரிதான். வெளியேறிய சூடான காற்றே கதவுக்குள் சுற்றி மீண்டும் முன்புறம் உறிஞ்சப்படுவதால், அந்த இடைவெளி விரைவில் தீர்ந்துவிடும்.
திறந்த தட்டு: பின்புறம் குறைந்தது 10 செ.மீ. இடம் விட்டால், அதே அறையிலும் உள்ளே போவது 32 டிகிரிக் காற்றுதான்.

வேகம் குறையுமா என்பதே பலரின் ஐயம். சிப்பின் வெப்பநிலையை அல்ல, அது செய்யும் வேலைக்கான மின்தேவையை வைத்தே பிஎஸ்5இன் வேகம் மாறுகிறது என்று அதன் வடிவமைப்பாளர் மார்க் செர்னி 2020இல் விளக்கினார். ஆகவே விளையாட்டு மெல்லத் தடுமாறி முன்கூட்டியே உணர்த்தும் என்று காத்திருக்கக் கூடாது. முதலில் விசிறியின் இரைச்சல் கூடும். பிறகு, கருவி மிகவும் சூடாகிவிட்டது, அணைத்துவிட்டு ஆறவிடுங்கள் என்ற எச்சரிக்கை திரையில் வரும். அதையும் மீறினால் தானே அணைந்துவிடும்.

தூசிக்கோ குழந்தைகளுக்கோ அஞ்சுபவர்கள், விளையாடாத நேரத்தில் மட்டும் கதவை மூடலாம். விளையாடும்போது கதவு திறந்திருப்பதோடு, அலமாரியின் பின்பலகையும் கழற்றப்பட்டிருக்க வேண்டும். கோடையில் மணிக்கணக்கில் விளையாடுபவர்களுக்குத் திறந்த தட்டையே உறுதியாகச் சொல்வேன்.